வலிப்பது தோளில், கல் இருப்பது பித்தப்பையில்

46 வயதுப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இரவு ஒன்பது மணிக்குக் கல்யாண வரவேற்பில் பிரியாணியும் பொரித்த கறியும் சாப்பிட்டுவிட்டு வீடு திரும்புகிறார். பதினோரு மணிவாக்கில் நெஞ்சுக்குழியில் ஓர் அழுத்தம் தொடங்குகிறது. அரை மணி நேரத்தில் அது முதுகுக்குப் போய், வலது தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில், தன் கை எட்டாத அந்த இடத்தில் நின்றுவிடுகிறது. குத்தலும் இல்லை, எரிச்சலும் இல்லை. ஆழத்தில் ஒரே சீரான, கனத்த வலி. புரண்டு படுத்தாலும் குறையவில்லை, எழுந்து நடந்தாலும் குறையவில்லை. "வாயுப் பிடிச்சிருக்கும்மா, ஓமத் தண்ணி குடிச்சிட்டுப் படு" என்று மாமியார் முதுகில் தைலம் தேய்த்துவிடுகிறார். இரண்டரை மணிக்கு வலி தானாகவே அடங்குகிறது. காலையில் சுவடே இல்லை.

அடுத்த சில மாதங்களில் இது மூன்று நான்கு முறை வருகிறது. முதுகு வலி என்பதால் எலும்பு மருத்துவரிடம் போகிறார். எக்ஸ்ரேயில் கழுத்தெலும்பில் லேசான தேய்மானம் தெரிகிறது. நாற்பதைத் தாண்டிய பலருக்கும் அது தெரியும். டைக்ளோஃபினாக் ஊசி போடுகிறார்கள், வலி விடுகிறது. ஊசிக்கு விட்டதால் எலும்பு வலிதான் என்று முடிவாகிவிடுகிறது. பித்தப்பை வலியை அடக்குவதற்கும் மருத்துவர்கள் அதே ஊசியைத்தான் போடுகிறார்கள் என்பது இந்த இடத்தில் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. எதற்கும் பார்த்துவிடலாம் என்று பிறகு ஒரு நாள் எடுத்த வயிற்று ஸ்கேனில் பித்தப்பையில் கற்கள் தெரிகின்றன.

இந்தப் பெண் கற்பனைப் பாத்திரம். ஆனால் இவருடைய கதை பொது மருத்துவர்கள் எல்லோருக்கும் பழகியது. கல் விலா எலும்புகளுக்குக் கீழே, கல்லீரலின் அடிப்பக்கம் ஒட்டியிருக்கும் சிறு பையில் இருக்கிறது. வலியோ முதுகில் தெரிகிறது. இவருக்கே இன்னும் சில மாதங்களில் வலி தோளின் நுனிக்கும் ஏறப்போகிறது. இவை இரண்டும் வெவ்வேறு வலிகள், வெவ்வேறு நரம்புப் பாதைகளில் வருபவை. இந்த வேறுபாடு தெரிந்தால் நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் ஓரளவு சொல்லிவிடலாம்.

முதல் வலியிலிருந்து தொடங்குவோம். பித்தப்பை ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிலிட்டர் பித்தநீர் பிடிக்கும் பை. கொழுப்பான உணவு சிறுகுடலைத் தொட்டதும், குடல் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரந்து பித்தப்பையைச் சுருங்கச் சொல்கிறது. அந்த நேரம் பார்த்து ஒரு கல் பையின் கழுத்தில் போய் அடைத்துக்கொண்டால் பித்தநீர் வெளியேற வழியில்லை. பை முக்குகிறது, உள்ளழுத்தம் ஏறுகிறது, சுவர் விரிகிறது. நம் உள்ளுறுப்புகளுக்கு வலியாகத் தெரிவது இந்த விரிவுதான். குடலையோ பித்தப்பையையோ கத்தியால் கீறினால் பெரிதாக வலிக்காது. இழுத்தாலோ ஊதிப் பெருக்கவைத்தாலோ, இரத்த ஓட்டம் குறைந்தாலோ, அழற்சி வந்தாலோதான் வலிக்கும். கல் மறுபடி பைக்குள் விழுந்துவிட்டால் அழுத்தம் இறங்கி வலி நின்றுபோகும். இரண்டரை மணிக்கு நடந்தது அதுதான். ஓமத் தண்ணீருக்கும் தைலத்துக்கும் அதில் பங்கு குறைவு.

சுவர் விரிந்த செய்தியைச் சுமக்கும் நரம்பிழைகள் மூளைக்கு நேராகப் போவதில்லை. முதுகெலும்புக்குள் ஓடும் தண்டுவடத்தை அடைந்து, அங்கே இன்னொரு நரம்பணுவிடம் செய்தியைக் கைமாற்றுகின்றன. தண்டுவடத்தை மேலிருந்து கீழாகக் கழுத்துப் பகுதி, மார்புப் பகுதி, இடுப்புப் பகுதி என்று பிரித்து ஒவ்வொரு படிக்கும் எண் கொடுத்திருக்கிறார்கள். பித்தப்பையின் இழைகள் வந்து சேர்வது பெரும்பாலும் மார்புப் பகுதியின் 7, 8, 9 ஆம் படிகளில். இதே படிகளுக்குத்தான் நெஞ்சுக்குழியின் தோலிலிருந்தும், தோள்பட்டை எலும்பின் கீழ்முனையை ஒட்டிய முதுகுப் பகுதியிலிருந்தும் நரம்புகள் வருகின்றன. தோலிலிருந்து வரும் இழையும் பித்தப்பையிலிருந்து வரும் இழையும் பல இடங்களில் ஒரே நரம்பணுவின் மேல் வந்து முடிகின்றன. அந்த நரம்பணு மூளைக்கு அனுப்புவது ஒரே ஒரு செய்திதான். அது எங்கிருந்து புறப்பட்டது என்ற விவரம் அதில் இல்லை.

முன்வாசலுக்கும் கொல்லைக்கும் ஒரே அழைப்பு மணியை இணைத்திருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். வருகிறவர்கள் எல்லோரும் முன்வாசலில்தான் மணியடிப்பார்கள். பல வருடங்களுக்கு ஒரு முறை யாரோ கொல்லையிலிருந்து அடித்தால், வீட்டிலிருப்பவர் எழுந்து முன்வாசலுக்குத்தான் போவார். தோலும் தசையும் பிறந்த நாளிலிருந்து அடிபட்டும் சுளுக்கியும் கடிபட்டும் மூளைக்குச் செய்தி அனுப்பிக்கொண்டே இருக்கின்றன. பித்தப்பை நாற்பது வருடம் வாய் திறந்ததில்லை. ஆகவே மணி அடித்ததும் மூளை முதுகுத் தோலையும் தசையையும் சந்தேகிக்கிறது. 1940களில் அமெரிக்க உடலியலாளர் தியோடர் ரூக் முன்வைத்த இந்த விளக்கம் இன்றும் பாடப்புத்தகங்களில் முதலிடத்தில் இருக்கிறது. பின்னர் விலங்குகளின் தண்டுவடத்தில் நுண்ணிய மின்முனைகளைச் செருகிப் பார்த்தபோது, தோலைத் தொட்டாலும் உள்ளுறுப்பை விரித்தாலும் ஒருசேரத் துடிக்கும் நரம்பணுக்கள் கிடைத்தன.

இன்னொரு காரணமும் உண்டு. தண்டுவடத்துக்கு வரும் உணர்ச்சி இழைகளில் உள்ளுறுப்புகளின் பங்கு பத்தில் ஒன்றுகூட இல்லை. இருக்கும் கொஞ்சமும் ஒரு படியோடு நிற்காமல் மேலும் கீழுமாகப் பல படிகளுக்குக் கிளைவிட்டுப் பரவுகின்றன. அதனால்தான் உள்ளுறுப்பு வலி வந்தவரிடம் "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால் ஒற்றை விரலால் காட்டமாட்டார். உள்ளங்கையை விரித்து வைத்து "இங்கதாங்க, இந்த இடம் பூரா" என்பார். அந்த உள்ளங்கை நல்ல மருத்துவருக்கு ஒரு துப்பு.

இப்படி இடம் மாறித் தெரியும் வலி ஒழுங்கில்லாமல் அலைவதில்லை என்பதை முதலில் பொறுமையாக வரைபடமாக்கியவர்களில் ஒருவர் லண்டன் மருத்துவர் ஹென்றி ஹெட். உள்ளுறுப்பு நோயாளிகளின் தோலை மெல்லத் தொட்டும் குத்தியும் பார்த்து, எந்த உறுப்பு கெட்டால் தோலின் எந்தப் பகுதி கூசுகிறது என்று குறித்துக்கொண்டே வந்தார். 1893இல் வெளியான அவருடைய கட்டுரையில் வந்த அந்தத் தோல் பகுதிகள் இன்றும் ஹெட் மண்டலங்கள் எனப்படுகின்றன. அவர் கவனித்த ஒன்று நம் கதைக்கு முக்கியம். வலி தோலில் 'தெரிகிறது' என்பதோடு விஷயம் முடிவதில்லை. சில நேரம் அந்த இடமே உண்மையில் கூச்சம் கொள்கிறது, தொட்டால் வலிக்கிறது, தசை இறுகுகிறது. தண்டுவடத்து நரம்பணு தொடர்ந்து அடிபட்டதில் எளிதில் தூண்டப்படும் நிலைக்குப் போய்விடுவதே இதற்குக் காரணம். அந்த நிலையில் சாதாரணத் தொடுகையும் அதற்கு வலியாகிறது. நம் பெண்ணின் முதுகை அழுத்திப் பார்த்தவர் "ஆமா, இங்க தசை பிடிச்சிருக்கு" என்று சொல்லியிருந்தால் அவர் சொன்னது பொய்யில்லை. பிடித்திருந்தது உண்மை, காரணம் முதுகில் இல்லை.

இனி தோள் நுனிக்கு வருவோம். கற்கள் இருப்பது தெரிந்தும் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுகிறார் அந்தப் பெண். ஒரு நாள் வரும் வலி ஆறு மணி நேரம் கடந்தும் நிற்கவில்லை. கல் இம்முறை கழுத்தில் இறுகச் சிக்கிக்கொண்டது. தேங்கிய பித்தநீரில் பித்தப்பைச் சுவர் வீங்கி அழற்சி கொள்கிறது. காய்ச்சல் வருகிறது, வாந்தி வருகிறது. வலி நெஞ்சுக்குழியிலிருந்து வலது விலா ஓரத்துக்கு நகர்ந்து, இப்போது விரலால் காட்டும்படி கூர்மையாகிறது. வீங்கிய பை வயிற்றின் உட்சுவரைத் தொட்டுவிட்டது; வயிற்றுச் சுவருக்கு இடம் துல்லியமாகத் தெரியும். மருத்துவர் வலது விலாவுக்குக் கீழே விரல்களை வைத்து அழுத்திக்கொண்டு "மூச்சை நல்லா இழுங்கம்மா" என்கிறார். பாதி மூச்சில் சட்டென்று நின்றுவிடுகிறார் அந்தப் பெண். கல்லீரலோடு கீழே இறங்கிய பித்தப்பை விரல்களில் முட்டியதன் விளைவு அது. சிகாகோவின் ஜான் மர்ஃபி என்ற அறுவை மருத்துவரின் பெயரால் வழங்கும் சோதனை.

இந்தக் கட்டத்தில்தான் வலது தோளின் உச்சியில், கழுத்தும் தோளும் சேரும் சரிவில், புதிய வலி ஒன்று வருகிறது. மூச்சை இழுக்கும்போதெல்லாம் கூடுகிறது. மார்பு 7, 8, 9 ஆம் படிகளை வைத்து இதை விளக்க முடியாது. தோள் நுனித் தோலுக்கு நரம்பு வருவது கழுத்தின் 3, 4 ஆம் படிகளிலிருந்து. பித்தப்பைக்கும் கழுத்துக்கும் இடையே தொடர்பு எப்படி வந்தது?

அந்தத் தொடர்பு உதரவிதானம். மார்பையும் வயிற்றையும் பிரித்து, கல்லீரலின் மேல் கூரைபோல் கவிந்திருக்கும் மூச்சுத் தசை அது. விலாவின் கீழ் விளிம்பில் இருக்கும் இந்தத் தசைக்கு நரம்பு வருவது கழுத்திலிருந்து. கழுத்தின் 3, 4, 5 ஆம் படிகளில் புறப்படும் உதரவிதான நரம்பு, மார்புக்கூட்டுக்குள் இறங்கி, இதயத்தின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டு நடந்து, கீழே தசையை அடைகிறது. பக்கத்திலேயே மார்பு நரம்புகள் வரிசையாக இருக்க, இவ்வளவு தூரம் சுற்றி வருவானேன்? விடை கருவிலிருக்கிறது. நான்காவது வாரத்துக் கருவில், உதரவிதானத்தின் நடுப்பகுதியாகப் பின்னால் மாறப்போகும் திசுப் பலகை கழுத்துக்கு நேராகத்தான் உருவாகிறது. அங்கே இருக்கும்போதே கழுத்து நரம்புகள் அதற்குள் நுழைந்துவிடுகின்றன. அதன்பின் கருவின் முதுகுப்பக்கம் வேகமாக நீள நீள, அந்தப் பலகை கீழே கீழே தள்ளப்பட்டு, எட்டாவது வாரத்தில் இன்றைய இடத்துக்கு வந்துவிடுகிறது. நரம்பு தன் வேரை விடாமல் அதன் பின்னாலேயே நீண்டுகொண்டு வருகிறது. நாம் ஒவ்வொருவரும் தாயின் வயிற்றில் நாலு வாரத்தில் நடத்தி முடித்த இந்த இடப்பெயர்ச்சியின் தடம், நாற்பது ஐம்பது வயதில் ஒரு தோள் வலியாக வெளியே தெரிகிறது. உடற்கூறியலில் எனக்கு இதைவிட வியப்பான செய்தி குறைவு.

அழற்சி கொண்ட பித்தப்பையோ, அதைச் சுற்றித் தேங்கிய நீரோ சீழோ உதரவிதானத்தின் அடிப்பக்கத்தை உரசினால், செய்தி உதரவிதான நரம்பு வழியாகக் கழுத்துப் படிகளுக்கு ஏறுகிறது. அங்கே தோள் நுனியின் நரம்பிழைகள் ஏற்கெனவே வந்து நிற்கின்றன. மூளை மறுபடி முன்வாசலைத் திறக்கிறது.

இது வெறும் ஊகமில்லை. ஜோசப் கேப்ஸ் என்ற அமெரிக்க மருத்துவர், மார்பிலும் வயிற்றிலும் நீர் கோத்து அதை ஊசிக்குழாயால் வடிக்க வேண்டியிருந்த நோயாளிகளிடம், அவர்கள் விழித்திருக்கும்போதே, அந்தக் குழாய் வழியாக ஒரு கம்பியைச் செலுத்தி உதரவிதானத்தை மெல்லத் தொட்டுப் பார்த்தார். தசையின் நடுப்பகுதியைத் தொட்டபோது அவர்கள் தோளையும் கழுத்துச் சரிவையும் காட்டினார்கள். விளிம்பைத் தொட்டபோது விலாவின் கீழ்ப்பகுதியையும் மேல்வயிற்றையும் காட்டினார்கள். நடுப்பகுதி கழுத்திலிருந்து வந்தது, விளிம்பு மார்புச் சுவரிலிருந்து சேர்ந்தது. கருவில் அவை வந்த வழி அப்படியே விடையாகக் கிடைத்தது. 1932இல் இந்த ஆய்வுகளை அவர் நூலாக வெளியிட்டார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் இதற்கு அனுமதி தராது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆக, கல் அடைத்து விரிந்த பித்தப்பை தோள்பட்டை எலும்பின் கீழ்முனையில் வலிக்கும். உதரவிதானம் தொடப்பட்டுவிட்டால் வலி தோளின் உச்சிக்கு ஏறும். வலது உதரவிதான நரம்பின் சில இழைகள் பித்தப்பைப் பக்கமும் போகின்றன என்று உடற்கூறு நூல்கள் சொல்வதால், எல்லை இவ்வளவு சுத்தமாக எப்போதும் இருக்காது. ஆனாலும் காய்ச்சலோடு, மூச்சிழுத்தால் கூடும் தோள் நுனி வலி வந்துவிட்டால் அது வீட்டில் காத்திருக்கும் கட்டமில்லை.

உதரவிதானத்தைத் தொடுவது பித்தப்பையாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. விபத்தில் இடது விலா அடிபட்டு மண்ணீரல் கிழிந்தால், கசிந்த இரத்தம் இடது உதரவிதானத்தின் அடியில் தேங்கி இடது தோள் நுனி வலிக்கும். ஜெர்மனியின் ஹான்ஸ் கேர் பெயரால் அந்த அடையாளம் அறியப்படுகிறது. அவர் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டது பித்தப்பை அறுவையில்தான். எல்லோரும், குறிப்பாகப் பெண்கள் இருக்கும் வீட்டில், தெரிந்துவைத்திருக்க வேண்டிய இன்னொன்று உண்டு. மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும் நேரத்தில் அடிவயிற்றில் வலி, மயக்கம், கூடவே தோள் நுனியில் வலி என்றால், கரு கருப்பைக்கு வெளியே கருக்குழாயில் வளர்ந்து குழாய் வெடித்திருக்கலாம். படுத்ததும் இரத்தம் உதரவிதானத்தின் அடிக்கு ஓடுவதால் தோள் வலி படுக்கும்போது கூடும். அது அன்றைக்கே, அந்த மணி நேரத்திலேயே மருத்துவமனைக்குப் போக வேண்டிய நிலை. தோளில் எங்கும் அடிபடவில்லையே என்று யோசித்துக்கொண்டிருக்க நேரமில்லை.

இதயம் வேறு படிகளைப் பயன்படுத்துகிறது. மார்பின் மேற்படிகள் அதற்குரியவை. அதனால் மார்பு, இடது கையின் உட்பக்கம், சில நேரம் தாடை என்று வலி போகும். ஆனால் இதயத்தின் கீழ்ச்சுவரில் அடைப்பு வந்தால் நெஞ்சுக்குழியில் மட்டும் வலித்து, வாந்தியோடு, முழுக்கப் பித்தப்பை வலியைப் போலவே வரலாம். எனவே நாற்பதைத் தாண்டியவருக்கு, சர்க்கரையோ இரத்த அழுத்தமோ இருப்பவருக்கு, வியர்வையோடு வரும் மேல்வயிற்று வலியில் ஸ்கேனுக்கு முன்னால் ஈ.சி.ஜி. எடுப்பதே முறை. "கேஸ்" என்று சொல்லி அனுப்பிவிடுவதில் உள்ள ஆபத்து இங்கேதான்.

அப்படியானால் தோள் வலி தோளிலிருந்தே வருகிறதா, உள்ளிருந்து வருகிறதா என்று வீட்டில் எப்படிக் கண்டுகொள்வது? கையை அசைத்துப் பாருங்கள். தோள் மூட்டு நோயில் கையைத் தூக்கினால், முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனால், அந்தப் பக்கம் படுத்தால் வலி மாறும். தலை வாரவோ ரவிக்கைக் கொக்கி போடவோ கை ஏறாது. உள்ளிருந்து வரும் வலியில் கை எல்லாப் பக்கமும் தாராளமாகச் சுழலும், வலி கூடவும் கூடாது, குறையவும் குறையாது. மாறாக, மூச்சோடும் சாப்பாட்டு நேரத்தோடும் படுக்கும் நிலையோடும் அது மாறும். இது வீட்டு அளவில் ஒரு நல்ல துப்பு, தீர்ப்பு அல்ல. தேய்த்தால் சற்றுக் குறைகிறது என்பதை மட்டும் சான்றாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தோலைத் தேய்க்கும்போது எழும் தொடுசெய்தி தண்டுவடத்தின் அதே படியில் வலிச் செய்தியைக் கொஞ்ச நேரம் அமுக்கும். வலியின் ஊற்று எங்கிருந்தாலும் இது நடக்கும்.

இதற்கு நேர் எதிரான தவறும் நடக்கிறது. அது பேசப்படுவது குறைவு. பித்தப்பையில் கல் உள்ள பலருக்கு வாழ்நாள் முழுவதும் ஒரு தொந்தரவும் வருவதில்லை. சர்க்கரை நோய் உள்ள ஒருவருக்குத் தோள் மூட்டு இறுகி வலிக்கிறது என்று வையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கு அது அடிக்கடி வருவதுதான். வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் கல் தெரிகிறது. 'தோள் வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது' என்று பித்தப்பையை எடுத்துவிடுகிறார்கள். ஆறு மாதம் கழித்தும் கை மேலே ஏறவில்லை. கல்லும் வலியும் ஒரே உடம்பில் இருப்பதால் மட்டும் ஒன்று மற்றதற்குக் காரணமாகிவிடாது. நேரம் பொருந்த வேண்டும்: சாப்பாட்டுக்குப் பின் அல்லது நடு இரவில் தொடங்கி, அரை மணி முதல் ஐந்தாறு மணி நேரம் சீராக இருந்து, பின் முற்றிலும் நின்று, இடையில் நாள்கணக்காக எதுவுமே இல்லாத வலிதான் கல்லின் வலி. நாள் முழுதும், வாரம் முழுதும் விடாமல் நச்சரிக்கும் தோள் வலியைக் கல்லின் கணக்கில் எழுதும் முன் ஒருமுறைக்கு இருமுறை கேள்வி கேட்க வேண்டும்.

நம் பெண்ணுக்கு வருவோம். பித்தப்பையை லேப்ராஸ்கோப்பி முறையில் எடுத்துவிடுகிறார்கள். மறுநாள் காலையில் எழுந்து உட்கார்ந்ததும் வலது தோள் நுனி வலிக்கிறது. கல்லும் இல்லை, பையும் இல்லை. வலி மட்டும் ஏன் திரும்பியது என்று பயந்துபோகிறார். இந்த வலிக்குக் காரணம் வாயு. ஆம், இந்த முறை உண்மையாகவே வாயு. லேப்ராஸ்கோப்பியில் கருவிகள் நுழைய இடம் வேண்டும் என்பதற்காக வயிற்றறைக்குள் கார்பன் டை ஆக்சைடை நிரப்பி, 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தத்தில் வயிற்றுச் சுவரைத் தூக்கி நிறுத்துவார்கள். முடிக்கும்போது வாயுவை வெளியேற்றினாலும் கொஞ்சம் தங்கிவிடும். இழுபட்ட உதரவிதானமும், அதன் அடியில் தங்கிய வாயு ஈரத்தோடு சேர்ந்து உண்டாக்கும் மெல்லிய அமிலமும் கழுத்து நரம்பை உறுத்துகின்றன. வாயு எப்போதும் உயரமான இடத்துக்குப் போகும் என்பதால் உட்கார்ந்தால் வலி கூடும், படுத்தால் குறையும். இரத்தமோ சீழோ இருந்தால் நடப்பதற்கு இது நேர்மாறு.

உடம்பு அந்த வாயுவை உறிஞ்சி நுரையீரல் வழியே வெளியேற்றிவிடுகிறது. பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் வலி தானாகத் தணிந்துவிடும். அதுவரை வலி மாத்திரையும், எழுந்து கொஞ்சம் நடப்பதும் போதும். இதை அறுவைக்கு முன்பே ஒரு நிமிடம் ஒதுக்கிச் சொல்லிவிடும் மருத்துவர்கள் நோயாளியின் ஓர் இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றுகிறார்கள். ஆனால் மூன்றாம் நாளுக்குப் பிறகு தோள் வலி குறைவதற்குப் பதிலாகக் கூடினால், கூடவே காய்ச்சலோ, வயிறு உப்பி வலிப்பதோ, கண் மஞ்சளிப்பதோ இருந்தால் அது வாயுவின் வேலை அல்ல. கட்டிய இடத்திலிருந்து பித்தநீர் கசிந்து உதரவிதானத்தின் அடியில் தேங்கியிருக்கலாம். அப்போது அடுத்த பரிசோதனைத் தேதி வரை காத்திருக்காமல், அறுவை செய்த மருத்துவரை அன்றைக்கே அழைத்துத் தோளில் வலிக்கிறது என்பதையும் விடாமல் சொல்ல வேண்டும்.